தொழுநோய்: தேமல் முதல் ரியாக்‌ஷன் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் வெளுத்த தேமல் ஒன்று இருக்கிறது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. தொழுநோயாக இருக்குமோ?

அரிப்பு இல்லை என்பதால்தான் காட்ட வேண்டும். சாதாரணத் தேமலில் லேசாகச் செதில் உதிரும், வியர்த்தால் அரிக்கும், தொட்டால் நன்றாகத் தெரியும். வெண்புள்ளி பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அங்கேயும் உணர்ச்சி கெடாது. தொழுநோய்த் தேமல் பால்வெள்ளையாக ஆகாது. சுற்றியுள்ள தோலைவிட நிறம் கொஞ்சம் மங்கியோ, செம்பு நிறத்திலோ இருக்கும். அந்த இடத்தில் வியர்க்காது, தோல் வறண்டிருக்கும், முடி உதிர்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அங்கே உணர்ச்சி குறைந்திருக்கும். முதலில் போவது பெரும்பாலும் சூடு, குளிர்ச்சி தெரியும் திறன்தான். தொடு உணர்ச்சியும் வலியும் அப்புறம் போகும்.

தேமல் எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டால் பலர் "ரெண்டு மூணு வருஷம் இருக்கும், தொந்தரவு இல்லை, விட்டுட்டேன்" என்பார்கள். இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். அதனால் கிருமி உடம்பில் நுழைந்து தேமல் தெரிவதற்கே சில வருடங்கள் ஆகும். இருபது வருடம் கழித்து வந்ததும் உண்டு.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

பார்க்கலாம். ஆனால் "இல்லை" என்று முடிவு கட்டும் வேலையை மருத்துவமனைக்கு விட்டுவிடுங்கள். முறை எளிது. முதலில் கண்ணைத் திறந்து வைத்தே, நல்ல தோலில் பஞ்சு நுனியாலோ பால்பாயின்ட் பேனா முனையாலோ லேசாகத் தொட்டு, "தொடும்போது விரலால் அந்த இடத்தைக் காட்டு" என்று பழக்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் தேமலின் நடுவிலும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது. "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே தொட்டால் எல்லோரும் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு இடங்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். முகத்தில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால், முகத்துத் தேமலில் உணர்ச்சி மிஞ்சியிருக்கும். சின்னக் குழந்தைகளிடம் பதிலை நம்ப முடியாது. இந்த இரண்டிலும் நரம்பைத் தொட்டுப் பார்ப்பதும் மற்ற அறிகுறிகளும்தான் கைகொடுக்கும்.

எனக்குத் தேமலே இல்லை. சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்துப்போகிறது. இதுவும் அதுதானா?

இருக்கலாம். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். அதனால் உடம்பின் ஆழத்தில் உள்ளவற்றை விட்டுவிட்டு, தோலையும், மூக்கையும், தோலுக்கு அடியில் மேலோட்டமாக ஓடும் நரம்புகளையும் பிடிக்கிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுளீரென்று பாயுமே, அந்த நரம்புதான் அல்நார். இந்த நோயில் மிக அதிகமாகப் பாதிக்கப்படும் நரம்புகளில் அதுவும் ஒன்று. மணிக்கட்டின் நடுவில் ஓடும் மீடியன், முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றி இறங்கும் நரம்பு, உள் கணுக்காலுக்குப் பின்னால் ஓடுவது, கண் இமையை மூடவைக்கும் முகநரம்பு ஆகியவை மற்றவை. தடித்த நரம்பு விரலுக்கடியில் ஒரு கயிறு மாதிரி உருளும். சிலருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தடிப்பு புரியும்.

இந்த நோயின் இன்னொரு வகையில் உணர்ச்சியில்லாத தேமலைத் தேடினால் நோயையே தவற விட்டுவிடுவோம். சிலருக்குத் தோல் முழுக்க மினுமினுப்பாக, எண்ணெய் பூசியது போல ஆகிவிடும். காதுமடல் தடித்துச் சின்னச் சின்ன முடிச்சுகள் வரும். புருவத்தின் வெளிமுனை முடி உதிரும். மூக்கு அடைத்துக்கொண்டே இருக்கும். அவர்களிடம்தான் கிருமி மிக அதிகம். காதுமடலில் சின்னதாகக் கீறி எடுக்கும் ஸ்மியர் பரிசோதனையில் அது கொத்துக்கொத்தாகத் தெரியும்.

கார்டில் "எம்.பி." என்று எழுதியிருக்கிறார்கள். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

முற்றிவிட்டது என்பதல்ல. பி.பி. என்றால் கிருமி குறைவான வகை, எம்.பி. என்றால் கிருமி அதிகமான வகை. தேமல்களை எண்ணுவதுதான் கணக்கு. ஐந்து வரை இருந்தால் பி.பி., ஆறும் அதற்கு மேலும் எம்.பி. ஸ்மியரில் கிருமி தெரிந்தால் தேமல் எத்தனை இருந்தாலும் எம்.பி.தான். நம் நாட்டுத் திட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பு பாதித்திருந்தாலும் எம்.பி. என்றே எடுத்துக்கொள்வார்கள். எத்தனை மாதம் மருந்து என்று முடிவு செய்ய இது போதும்.

ரியாக்‌ஷன் என்பது எதிர்ப்பு சக்தி திடீரென்று கிளப்பும் வீக்கமும் வலியும்; அது யாருக்கு வரும் என்று புரிந்துகொள்ள மட்டும் இந்தக் கணக்கு போதாது. அதற்கு 1966-இல் தொழுநோய் ஆய்வாளர்கள் ரிட்லியும் ஜோப்ளிங்கும் வகுத்த வரிசை உதவும். அதை ஒரு நீண்ட கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் இருப்பவரின் நோய் எதிர்ப்பு சக்தி கிருமியை நன்றாக அடையாளம் கண்டு சண்டை போடுகிறது. அவருக்கு ஒன்றிரண்டு தேமல்தான், விளிம்பு தெளிவாக இருக்கும், கிருமி கண்ணில் படாது. இது டியூபர்குலாய்டு. மறுமுனையில் இருப்பவரின் உடம்பு இந்தக் கிருமியை எதிரியாகவே பார்ப்பதில்லை. கிருமி கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது. இது லெப்ரோமட்டஸ். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் பார்டர்லைன். இவர்களின் எதிர்ப்பு சக்தி நிலையாக ஓரிடத்தில் நிற்காது; இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகரும். ரியாக்‌ஷனின் கதையே இந்த நகர்வில்தான் தொடங்குகிறது.

மாத்திரை அட்டையில் என்னென்ன இருக்கிறது? எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும்?

எம்.பி. வகைப் பெரியவருக்கு மாதத்தில் ஒரு நாள், சுகாதாரப் பணியாளர் முன்னிலையில், ரிஃபாம்பிசின் 600 மி.கி., குளோஃபாசிமின் 300 மி.கி., டாப்சோன் 100 மி.கி. மற்ற நாட்களில் வீட்டில் குளோஃபாசிமின் 50 மி.கி., டாப்சோன் 100 மி.கி. இப்படி 12 அட்டைகள். அவற்றை அதிகபட்சம் 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பி.பி. வகைக்கு 6 அட்டைகள், 9 மாதத்துக்குள். முன்பு பி.பி.க்கு ரிஃபாம்பிசினும் டாப்சோனும் மட்டும்தான். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கும் மூன்று மருந்துகளையே பரிந்துரைத்தது. குழந்தைகளுக்கு அளவு வேறு. பெரியவர் அட்டையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. மருந்து முழுக்க இலவசம்.

மூன்று மருந்து ஏன் என்றால், 1940-களிலிருந்து டாப்சோன் ஒன்றை மட்டும் வருடக்கணக்கில் கொடுத்துவந்ததில் கிருமி அதற்குப் பழகிவிட்டது. அதனால்தான் 1981-இல் கூட்டு மருந்துக்கு மாறினார்கள். ரிஃபாம்பிசினின் முதல் வேளையிலேயே உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பான்மை செத்துவிடும்.

ரிஃபாம்பிசின் சாப்பிடும் அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குளோஃபாசிமினால் தோல் கறுத்து வறளும். மருந்து முடிந்த சில மாதங்களில் மெல்ல மாறும். முகம் கறுத்துவிட்டதே என்று மருந்தை விட்டவர்கள் நிறைய. அது நியாயமான வருத்தம், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. உண்மையிலேயே பயப்பட வேண்டியது டாப்சோனில் ஒன்று. முதல் ஆறு வாரத்தில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, தோல் உரிதல், மஞ்சள் காமாலை வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். டாப்சோன் ரத்தத்தையும் குறைக்கும். அதிகமாகக் களைத்து வெளிறிப் போனால் சொல்லுங்கள்.

மூன்றாம் மாதம் அட்டை வாங்கப் போகும் நேரத்தில் தேமல் எல்லாம் சிவந்து வீங்கிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் எழுதியதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது. ஆனால் செத்த கிருமி உடனே கரைந்து போவதில்லை. தோலிலும், நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள்ளும் அதன் துண்டுகள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கிடக்கும். பார்டர்லைன் நோயாளியின் எதிர்ப்பு சக்தி ஒரு நாள் திடீரென்று விழித்துக்கொண்டு அந்தத் துண்டுகள் கிடக்கும் இடத்தையெல்லாம் தாக்கத் தொடங்கும். பழைய தேமல் சிவந்து, புடைத்து, தொட்டால் சூடாக இருக்கும். கை, கால், முகம் வீங்கும். இதுதான் முதல் வகை ரியாக்‌ஷன். பெரும்பாலும் சிகிச்சையின் முதல் ஆறு மாதத்திலும், பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் வரும்.

தோல் வீங்கினால் வீங்க இடம் இருக்கிறது. நரம்புக்கு அந்த இடம் இல்லை. அல்நார் நரம்பு முழங்கையில் எலும்புக்கும் இறுகிய தசைநாருக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்தில் நுழைகிறது. அதன் மேலுறையும் விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கம் வந்தால் நரம்பு தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும். ரத்த ஓட்டம் தடைபடும், இழைகள் சாகும். கை மடங்கிப் போவதும், பாதம் தொங்குவதும், கண் மூடாமல் போவதும் பெரும்பாலும் இந்தச் சண்டையின் விளைவு. கிருமி செத்தபிறகும் ஊனம் வருவதற்குக் காரணம் இதுதான்.

எனவே அட்டை ஒருபக்கம் தொடரும். கூடவே ரியாக்‌ஷனுக்குத் தனி மருந்து வேண்டும். தோலில் மட்டும் லேசாக வந்திருந்தால் வலி மாத்திரையும் ஓய்வும் போதும். நரம்பு வலித்தாலோ, உணர்ச்சியோ பலமோ குறைந்தாலோ, முகத்தில் கண்ணுக்கருகே தேமல் சிவந்தாலோ ஸ்டீராய்டு உடனே தேவை.

அப்படி ஒருவருக்கு என்ன நடக்கும், எப்படிச் சரியாகும் என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா?

பல நோயாளிகளின் போக்கைச் சேர்த்து ஒருவராக எழுதுகிறேன். 34 வயதுத் தையல்காரர், எடை 52 கிலோ. எட்டுத் தேமல்கள், வலது முழங்கையில் அல்நார் நரம்பு தடித்திருக்கிறது. ஸ்மியரில் கிருமி இல்லை. எம்.பி. அட்டை தொடங்குகிறோம். அன்றே கை, கால், கண்ணின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்து எழுதிவைக்கிறோம். சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரிக்கச் சொல்லி நம் விரலால் எதிர்த்துத் தள்ளினால், நன்றாகத் தாங்குகிறது. உள்ளங்கையில் பேனா முனையால் தொட்ட எல்லாப் புள்ளிகளும் தெரிகின்றன. முதல் நாள் எழுதாத கார்டு இருந்தால் பிறகு வந்த குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்றாம் மாதம் வருகிறார். கன்னத்திலும் முன்கையிலும் தேமல்கள் புடைத்திருக்கின்றன. இரவில் முழங்கை வலி, தூக்கம் இல்லை. துணியைப் பிடித்துத் தள்ளும்போது சுண்டுவிரல் ஒத்துழைப்பதில்லை என்கிறார். விரலை விரிக்கிறார், ஆனால் லேசாகத் தள்ளினாலே மடங்கிவிடுகிறது. சுண்டுவிரல் பக்கம் இரண்டு புள்ளிகள் தெரியவில்லை. பத்து நாளாகத்தான் இப்படி.

அந்தப் பத்து நாள் என்ற பதில்தான் மருத்துவர் முதலில் தேடுவது. பலமும் உணர்ச்சியும் குறைந்து ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்டீராய்டால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பிரெட்னிசோலோன் தினமும் காலையில், சாப்பிட்ட பிறகு, 40 மி.கி. ஆரம்பிக்கிறார்கள். தொடங்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் அறிகுறி பார்த்து, குடற்புழு மருந்தும் கொடுக்கிறார்கள். முழங்கையை லேசாக மடித்த நிலையில் துணி சுற்றிய பட்டியில் ஓய்வாக வைக்கச் சொல்கிறோம். வலி இருக்கும்போது உருவி விடுவதோ, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதோ கூடவே கூடாது. வீங்கிய நரம்பை அது மேலும் நசுக்கும்.

இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது, தேமல் அடங்கிவிட்டது. விரலின் பலம் அப்படியே இருக்கிறது. இங்கேதான் பலர் "வலி போச்சே" என்று மாத்திரையை விடுகிறார்கள். வலி குறைவது வீக்கம் குறைந்ததைக் காட்டும். நரம்பு இழை சரியாக அதற்குப் பிறகு மாதங்கள் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கொரு முறை அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலையும் உள்ளங்கையையும் சோதிக்கிறோம். ஆறாம் வாரம் தள்ளினால் கொஞ்சம் தாங்குகிறது. 15 மி.கி.க்கு இறங்கியபோது முழங்கை மறுபடி வலித்தது, ஒரு புள்ளி மறுபடி மரத்தது. மருத்துவர் அளவை உயர்த்தி, இன்னும் மெதுவாக இறக்கினார். மொத்தம் ஆறு மாதம் ஆனது. கடைசியில் விரலின் பலம் முழுக்க வந்துவிட்டது. ஒரு புள்ளியில் உணர்ச்சி வரவில்லை. ஊசி அவர் கைத்தொழில் என்பதால் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் பழகினார்.

வலியே இல்லாமல் கை பலவீனமாக முடியுமா?

முடியும், அதைத்தான் அமைதியான நரம்பழற்சி என்கிறோம். வலியில்லை என்பதால் நோயாளி வருவதில்லை. செருப்பு காலிலிருந்து கழன்றுவிடுவதே தெரியாமல் நடப்பது, சட்டைப் பொத்தானைப் போட இயலாமை, சோறு பிசையும்போது விரல் நழுவுவது, முகம் கழுவும்போது சோப்பு கண்ணுக்குள் போவது இவைதான் முன்னறிவிப்பு. அதனால்தான் மாதம் தவறாமல் அட்டை வாங்கும்போது கைகால் சோதித்துவிட்டு அனுப்பச் சொல்கிறோம். "அட்டையைக் கொடுங்க, அவசரம்" என்று சொல்லாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். சோதிக்காமல் அட்டையை நீட்டினால், சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்குச் சிவந்தது பழைய தேமல் அல்ல. புதிதாக வலிக்கிற கட்டிகள், காய்ச்சல், மூட்டுவலி. இது வேறா?

வேறுதான். இரண்டாம் வகை ரியாக்‌ஷன். கிருமி மிக அதிகமாக இருந்த, கோட்டின் லெப்ரோமட்டஸ் பக்கத்தினருக்கு வருவது. சிதைந்த கிருமியிலிருந்து வெளிவரும் பொருட்களோடு எதிர்ப்புப் புரதங்கள் சேர்ந்து உடம்பு முழுக்கச் சுற்றி அழற்சியைக் கிளப்புகின்றன. அதனால் தோலோடு நிற்காது. கைகளிலும் கால்களிலும் முகத்திலும் தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் ஒரு கூட்டமாக வந்து, சில நாளில் அடங்கி, மறுபடி வரும். காய்ச்சல், மூட்டு வீக்கம், விதைப்பை வலி, நரம்பு வலி எல்லாம் கூட வரலாம். கண் சிவந்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள், பார்வையே போகக்கூடும்.

இதற்கும் ஸ்டீராய்டு உண்டு. ஆனால் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதால் ஸ்டீராய்டிலேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. குளோஃபாசிமினைச் சில மாதம் அதிக அளவில் கொடுத்து ஸ்டீராய்டைக் குறைப்பார்கள்; குளோஃபாசிமின் வேலை செய்யச் சில வாரம் ஆகும். 1960-களில் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், தாலிடோமைடு இந்த ரியாக்‌ஷனை வேகமாக அடக்குவதைத் தற்செயலாகக் கண்டார். கருவில் உள்ள குழந்தையின் கைகால்களைச் சிதைத்த அதே மருந்து என்பதால், கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு இல்லாமல் கொடுக்கவே கூடாது.

பன்னிரண்டு அட்டையும் முடித்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்துத் தேமல் மறுபடி சிவக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

பெரும்பாலும் இது தாமதமாக வந்த ரியாக்‌ஷன். ரியாக்‌ஷன் சில நாட்களில் திடீரென்று வரும், பழைய தேமலே புடைக்கும், நரம்பு வலிக்கும், ஸ்டீராய்டில் அடங்கும். நோய் உண்மையில் திரும்புவது அரிது. அது பல வருடம் கழித்து, மெதுவாக, புதிய தேமல்களோடு, வலியில்லாமல் வரும். சந்தேகம் இருந்தால் ஸ்மியர் எடுத்துப் பழைய முடிவோடு ஒப்பிட வேண்டும். இதற்காகவே பழைய கார்டைத் தூக்கி எறியாதீர்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். பிரித்து வைக்க வேண்டுமா?

வேண்டாம். மருந்து தொடங்கியதுமே பரவும் வாய்ப்பு போய்விடுகிறது. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் வருவதல்ல. சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி இருந்தால், மூக்கிலிருந்து வரும் துளிகள் மூலம் பரவுகிறது. வீட்டில் எல்லோருடைய தோலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தகுதியானவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாகக் கொடுப்பார்கள். நோய் வரும் வாய்ப்பை அது குறைக்கும், முழுக்கத் தடுக்காது.

எனக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இனி ஸ்டீராய்டு பயன்படாது என்றார்கள். அப்படியே விட்டுவிடுவதா?

உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவர முடியாது, பாதத்தைக் காப்பாற்ற முடியும். வேலூரில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் 1940-களின் இறுதியிலிருந்து கவனித்துச் சொன்னது இது: விரல்களைத் தின்பது கிருமி அல்ல. வலி தெரியாததால் சுட்டுக்கொள்வதும், ஆணி குத்தியபடியே நடப்பதும், புண்ணோடு ஓய்வெடுக்காமல் இருப்பதும்தான் விரலைக் கொண்டுபோகிறது.

தினமும் பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். வெந்நீர் வேண்டாம், சூடு உங்களுக்குத் தெரியாது. தடித்த தோலைக் கரகரப்பான கல்லில் மெல்லத் தேய்த்துவிட்டு, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அடிப்பாதத்தில் கொப்புளம், சிவப்பு, வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும். உள்ளே மெத்தென்றும் அடியில் கடினமாகவும் இருக்க வேண்டும், பின்வார் அவசியம், ஆணி அடித்த செருப்பு ஆகாது. மடங்கிய விரலுக்கும் தொங்கும் பாதத்துக்கும் நல்ல தசைநார் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. மருந்து முடிந்து, ரியாக்‌ஷன் இல்லாமல் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருந்தால், மூட்டு இறுகிப் போகும் முன் கேளுங்கள். அதுவரை மடங்கிய விரலைத் தினமும் மற்றக் கையால் தொடைமேல் வைத்து நீட்டிவிட்டுக்கொண்டே இருங்கள்.